சிவப்பு-மஞ்சள்-பச்சை அட்டவணை: நிறம் போட்டாச்சு, அடுத்து எதை எடுக்கிறது?

நீலமை
பிளஸ் டூ, தமிழ் மீடியம், ஸ்டேட் போர்டு. இயற்பியல் 11 அலகையும் உட்தலைப்பு வாரியாப் பிரிச்சு ஒரு ஷீட்ல போட்டிருக்கேன். ஒவ்வொரு ரிவிஷன் முடிஞ்சதும் தெரியலன்னா சிவப்பு, அரைகுறைன்னா மஞ்சள், தெரியும்னா பச்சை. முதல் வாரம் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப பார்த்தா முக்கால்வாசி மஞ்சள். சிவப்பு கொஞ்சம் இருக்கு, அதுலயும் எதை முதல்ல எடுக்கிறதுன்னு தெரியல. பச்சைன்னு போட்டு வச்ச இழுப்புத் திசைவேகத்துல ஸ்கூல் டெஸ்ட்ல கணக்கு தப்பு. அப்போ இந்த அட்டவணையை நம்பலாமா, வேண்டாமா?

ரிவிஷன்ராஜா
இதுல குழம்ப என்ன இருக்கு? சிவப்பை மட்டும் எடு. பச்சை பக்கமே போகாதே, அது முடிஞ்ச கதை. சிவப்பு எல்லாம் தீர்ந்த பிறகு மஞ்சள். நிறம் போடுறதே அதுக்குத்தானே. மஞ்சள் நிறைய இருந்தா நீ நல்லாப் படிச்சிருக்கேன்னு அர்த்தம், கவலையை விடு.

ஓம்விதி
ராஜா சொல்றதுல பாதி சரி. சிவப்பை ஒதுக்கி வைக்கக் கூடாதுங்கிற வரைக்கும் ஒத்துக்கிறேன். பச்சை முடிஞ்ச கதைங்கிறதை ஒத்துக்க மாட்டேன். நீலமைக்குத் தப்பினதே ஒரு பச்சைதான்.

நீலமை, முதல்ல ஒண்ணு சொல்லு. அந்தப் பச்சையை எப்போ போட்டே? புத்தகத்தை மூடின கையோடவா?

நீலமை
ஆமா சார். படிச்சு முடிச்சு, எடுத்துக்காட்டுக் கணக்கையும் பார்த்துட்டு உடனே போட்டேன். அப்ப எல்லாமே தெரிஞ்சுது.

ஓம்விதி
சிக்கலே அங்கதான். படிச்ச அரை மணிக்குள்ள எல்லாமே தெரிஞ்ச மாதிரிதான் இருக்கும். பக்கம் கண்ணுக்குப் பழகியிருக்கும், அதை மனசு "தெரியும்"னு எடுத்துக்கும். 1991-ல நெல்சன், டன்லாஸ்கின்னு ரெண்டு உளவியலாளர்கள் இதைச் சோதிச்சாங்க. படிச்ச உடனே "இது எனக்கு நினைவிருக்கும்"னு சொல்ற கணிப்பைவிட, கொஞ்சம் இடைவெளி விட்டுச் சொல்ற கணிப்பு ரொம்பத் துல்லியமா இருந்துச்சு. அவங்க எடுத்தது சொல் ஜோடிகள். ஆனா அட்டவணைக்கும் அதே பாடம்தான்.

அதனால என் பிள்ளைகளுக்கு நான் சொல்ற விதி: இறக்கம் உடனே, ஏற்றம் மறுநாள். படிக்கும்போதே முட்டுதுன்னா அந்த நிமிஷமே நிறத்தைக் கீழே இறக்கு. மேலே ஏத்தணும்னா குறைஞ்சது ஒரு ராத்திரி தாண்டணும். மறுநாள் உட்கார்ந்ததும், புதுசு எதையும் திறக்கிறதுக்கு முன்னாடி, நேத்து படிச்ச உட்தலைப்புக்கு ஒரு வெள்ளைத்தாள் டெஸ்ட். அதுல வர்ற மார்க்தான் நிறம். "தெரியுமா, தெரியாதா"ன்னு உன்னையே கேட்டுப் போடுறது நிறமில்ல, ஆசை.

டெஸ்ட் பெருசா வேண்டாம், 15 நிமிஷம், 6 மார்க். டெரிவேஷனோட எலும்புக்கூடு 2 மார்க்: படம், தொடங்குற சமன்பாடு, நடுவுல வர்ற முக்கியப் படி, கடைசிக் கோவை. ஒரு கணக்கு 2 மார்க். புக் பேக் மாதிரி ரெண்டு ஒரு மார்க் கேள்வி. 0 முதல் 2 வரை சிவப்பு, 3-4 மஞ்சள், 5-6 பச்சை. டெரிவேஷன் இல்லாத தலைப்புன்னா அந்த 2 மார்க்குக்கு ஒரு குறுவினா.

ரிவிஷன்ராஜா
தினம் 15 நிமிஷம் டெஸ்ட்டுக்கே போனா எப்ப படிக்கிறது சார்?

ஓம்விதி
அந்த 15 நிமிஷமும் படிப்புதான் ராஜா. புத்தகத்தைத் திரும்ப வாசிக்கிறதைவிட, மூடி வச்சு வெளியே எடுக்கிறதுதான் அதிகம் நிக்கும். நிறம் அதோட கூட வர்ற லாபம்.

குரூப்4_குமரன்
நான் குரூப் 4 படிக்கிறவன். எனக்கு டெரிவேஷன் கிடையாது. பொதுத்தமிழ் 100 கேள்வி, பொது அறிவு 75, திறனறிவு 25. இதுல நிறம் எப்படிப் போடுறது? இந்திய அரசியலமைப்புல "அடிப்படை உரிமைகள்"னு ஒரே வரியா வச்சிருக்கேன். எப்பப் பார்த்தாலும் மஞ்சள்.

ஓம்விதி
குமரன், உங்க வரி ரொம்பப் பெருசு. விதி 12 முதல் 35 வரை ஒரே வரியில கிடந்தா அது எப்பவும் மஞ்சள்தான். சமத்துவ உரிமை கையில இருக்கும், பேராணைகள் கையில இருக்காது. சராசரி போட்டா மஞ்சள். அந்த மஞ்சள் உங்களுக்கு எதையும் சொல்லாது. 14-18, 19, 20-22, 23-24, 25-28, 29-30, 32-ம் பேராணைகளும்னு ஏழு வரியாப் பிரிங்க. ஒவ்வொண்ணுக்கும் ஆறு கொள்குறி வினா. ரெண்டு மூணு வரி பச்சையாகும், ஒண்ணு ரெண்டு சிவப்பாகும். அப்பத்தான் அட்டவணை பேச ஆரம்பிக்கும்.

நீலமைக்கும் இது பொருந்தும். உன் இரண்டாம் அலகு, மின்னோட்டவியல், எத்தனை வரி?

நீலமை
புத்தகத்துல இருக்கிற பெரிய தலைப்பு வச்சு 7 வரி சார். மின்னோட்டம், ஓமின் விதி, மின்னாற்றல்-மின்திறன், மின்கலம், கிர்க்காஃப் விதிகள், வெப்ப விளைவு, வெப்பமின் விளைவு.

ஓம்விதி
அதுல கிர்க்காஃப் வரிக்குள்ளயே வீட்ஸ்டோன் சமனச்சுற்று, மீட்டர் சமனச்சுற்று, மின்னழுத்தமானி எல்லாம் அடங்கிடுது. நெடுவினாவுக்கு வாய்ப்புள்ள பகுதி பூரா ஒரே கட்டத்துல. அதான் மஞ்சளாவே நிக்குது.

இப்படிப் பிரிச்சுப் பாரு:

1. மின்னோட்டம், இழுப்புத் திசைவேகம்
2. ஓமின் விதி, மின்தடை எண்
3. தொடரிணைப்பு, பக்க இணைப்பு
4. வெப்பநிலையால மின்தடை மாறுறது
5. மின்னாற்றல், மின்திறன்
6. மின்கலம், அகமின்தடை, கலங்களின் இணைப்பு
7. கிர்க்காஃப் விதிகள்
8. வீட்ஸ்டோன், மீட்டர் சமனச்சுற்று
9. மின்னழுத்தமானி
10. ஜூல் விதி, வெப்பமின் விளைவு

பத்து வரி. இந்த அளவுல போனா 11 அலகுக்கும் நூறு, நூத்திப்பத்துக்குள்ள நிக்கும். இதுக்கு மேல நறுக்காதே. முன்னூறு வரி வச்சவங்க ரெண்டாவது வாரமே ஷீட்டைத் திறக்கிறதை நிறுத்திடுவாங்க. என் அளவுகோல் ஒண்ணுதான்: ஒரு வரியை 15 நிமிஷ டெஸ்ட்டுல நியாயமாச் சோதிக்க முடியணும். முடியலன்னா பெருசு. மூணு கேள்விக்கு மேல கேட்கவே எதுவும் இல்லைன்னா சிறுசு, பக்கத்து வரியோட சேர்த்திடு.

ஹாரோ_அம்மா
நான் லண்டனில இருந்து எழுதுறன். எங்கட மகன் இஞ்ச 16 வயசில எழுதுற ஜிசிஎஸ்இ பரீட்சை செய்யிறார். பள்ளிக்கூடத்தில இதே மாதிரி ஒரு தாள் குடுக்கிறவை, ஏக்யூஏ எண்ட பரீட்சைச் சபையின்ர பாடத்திட்டத்தில இருக்கிற வரிகளை அப்பிடியே போட்டு பக்கத்தில மூண்டு பெட்டி. பிள்ளை ஒரு பாடவேளையில இருந்து எல்லாத்துக்கும் டிக் போட்டுக் குடுத்திட்டார், முக்கால்வாசி பச்சை. மொக் பரீட்சையில வந்த மார்க்ஸ் வேற கதை. இந்தத் தாள் பெற்றோருக்குக் காட்டத்தானே? அப்ப ஏன் ஆசிரியர் நிறம் போடாமல் பிள்ளையைப் போடச் சொல்லீனம்? மகனை எப்பிடி உண்மையா நிரப்ப வைக்கிறது?

எக்செல்_செல்வி
அக்கா, அது பெற்றோருக்கான ரிப்போர்ட் இல்லை, பிள்ளை தனக்காக வச்சுக்கிறது. ஒரே உட்காரலில் நூறு வரிக்கு டிக் போட்டால் யார் போட்டாலும் அப்படித்தான் வரும். அதைக் கிழிக்காமல் பக்கத்தில் இன்னொரு பெட்டி வரைந்து, ஒவ்வொரு வரிக்கும் அவர் கடைசியாக எழுதிய கேள்வியின் மார்க்கையும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். மார்க் இல்லாத பச்சை எல்லாம் வெள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா பார்த்துத் திட்டுவார் என்று தெரிந்தால் பிள்ளை பச்சையைத்தான் போடும், அதனால் தாளை நீங்கள் தினமும் வாங்கிப் பார்க்காமல் இருப்பது நல்லது.

ஹாரோ_அம்மா
பாக்காமல் இருக்கிறதுதான் கஷ்டம் பிள்ளை. சரி, மார்க் பெட்டி கீறச் சொல்லுறன்.

நீலமை
சார், பத்து வரியா மாத்திட்டேன். நீங்க சொன்ன மாதிரி ரெண்டு நாள் டெஸ்ட் எழுதிப் பார்த்தேன். இப்ப நிலவரம்: 1 மஞ்சள் (3), 2 பச்சை, 3 பச்சை, 4 மஞ்சள், 5 பச்சை, 6 மஞ்சள் (4), 7 மஞ்சள் (4), 8 சிவப்பு (2), 9 சிவப்பு (1), 10 சிவப்பு (1). ராஜா அண்ணா சொன்னபடி பார்த்தா 8, 9, 10 எடுக்கணும். சரியா?

ரிவிஷன்ராஜா
அதே. 10-ஐ முதல்ல முடி, சின்னது.

ஓம்விதி
நான் 6-ஐ எடுப்பேன், அது மஞ்சளா இருந்தாலும்.

8-ல என்ன இருக்கு? வீட்ஸ்டோன் சமநிலை நிபந்தனையைக் கிர்க்காஃப் விதியை வச்சுத்தான் கொண்டு வர்றோம். சந்திகளுக்கு மின்னோட்ட விதி, ரெண்டு மூடிய சுற்றுக்கு மின்னழுத்த விதி, கால்வனோமீட்டர் மின்னோட்டம் சுழி. கிர்க்காஃப்ல குறி தடுமாறுற பிள்ளைக்கு இது மனப்பாடமாத்தான் போகும். 9-ல மின்னழுத்தமானியால அகமின்தடை காணுறது வருது, r = R(l₁ − l₂)/l₂. மின்னியக்கு விசைக்கும் முனை மின்னழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு 6-ல தெளிவாகலன்னா, l₁ எதுக்கு, l₂ எதுக்குன்னே புரியாது. ஆக ரெண்டு சிவப்புக்கும் வேர் ரெண்டு மஞ்சள்ல கிடக்கு. மேல இருக்கிற மஞ்சளைச் சரி பண்ணாம கீழ சிவப்பைத் தேய்ச்சா ரெண்டு நாள்ல மறுபடியும் சிவப்பாகும். அப்படித் திரும்பத் திரும்பச் சிவப்பாகிற வரியைப் பார்த்தா, "இது எதை நம்பி நிக்குது"ன்னு ஒரு தடவை மேல பாரு.

10 தனி. சீபெக், பெல்டியர், தாம்சன் விளைவு எதுவும் மத்த வரிகளுக்கு அடிப்படை இல்ல, ஒரு உட்காரலுக்குள்ள தேறிடும். அதை எப்ப வேணா சொருகிக்கலாம். சின்னது முதல்லன்னு ராஜா சொல்றது உற்சாகத்துக்குச் சரி, அட்டவணையை ஓட்டுறதுக்கு அது காரணம் இல்ல.

இப்ப உன் 6, 7 ரெண்டுலயும் 4 மார்க்னு போட்டிருக்கே. எந்த ரெண்டு மார்க் போச்சு?

நீலமை
7-ல இந்தக் கணக்கு சார், எங்க டியூஷன்ல கொடுத்தது. 12 V கலம், 6 V கலம், ரெண்டுக்கும் அகமின்தடை 1 Ω. ஒண்ணையொண்ணு எதிர்த்து ஒரே சுற்றுல, கூட 4 Ω மின்தடை. மின்னோட்டமும் ஒவ்வொரு கலத்தோட முனை மின்னழுத்தமும் கேட்டாங்க. மின்னோட்டம் 1 A சரியா வந்துச்சு. 12 V கலத்துக்கு 11 V சரி. 6 V கலத்துக்கு 5 V போட்டேன், தப்புன்னாங்க. 6-லயும் இதே மாதிரி ஒண்ணுதான் போச்சு.

ஓம்விதி
பிடிச்சாச்சு. மின்னோட்டம் (12 − 6)/(1 + 1 + 4) = 1 A, சரி. ஆனா 6 V கலத்துக்குள்ள மின்னோட்டம் நேர்முனை வழியா நுழையுது, அது மின்னேற்றம் ஆகுது. அங்க V = E + Ir, அதாவது 7 V. சரிபார்க்கிறது சுலபம்: 11 − 7 = 4 V, 4 Ω-ல 1 A ஓடினா அதே 4 V. 5 V போட்டா 4 Ω மேல 6 V வரணும், இடிக்கும்.

பாரு, உனக்குக் கிர்க்காஃப் "அரைகுறை" இல்ல. சுற்றுச் சமன்பாடு எழுத வருது. தெரியாதது ஒரே ஒரு விஷயம், மின்னேற்றம் ஆகிற கலத்துல குறி. அதை அட்டவணையில எழுதலன்னா, அஞ்சு நாள் கழிச்சு 7-ம் வரி மஞ்சள்னு பார்த்துட்டுப் பாடம் முழுக்க மறுபடி வாசிப்பே, தப்பு நடந்த இடம் வாசிப்புல கண்ணுக்கே படாது.

அதனால நிறத்துக்குப் பக்கத்துல "காரணம்"னு ஒரு கட்டம். "மறுபடி படிக்கணும்"னு எழுதாதே, அது எல்லாத்துக்கும் பொருந்தும். நாலு எழுத்து போதும். பு = புரியல. ம = மறந்துட்டேன். க = கவனப்பிழை. நே = நேரம் பத்தல. அதுக்குப் பின்னாடி அஞ்சாறு வார்த்தை: "பு, மின்னேற்றத்தில் V = E + Ir". அடுத்த உட்காரல்ல என்ன செய்யணும்கிறதை இந்த எழுத்துதான் சொல்லும். புவுக்கு அந்த ஒரு பத்தி, ஒரு படம். மவுக்குப் புத்தகம் வேண்டாம், மூடி வச்சு எழுதிப் பாரு. கவுக்கு வாசிக்கவே கூடாது, அதே வகையில அஞ்சு கணக்கு. நேவுக்குக் கடிகாரம்.

உன் 1-ம் வரியில 3 மார்க், அதுக்குக் காரணம்?

நீலமை
கம்பியோட குறுக்குவெட்டுப் பரப்பு 1 mm²-ன்னு கொடுத்திருந்தாங்க. நான் 10⁻³ m²-ன்னு போட்டுட்டேன். மின்னோட்டம் 2 A, n = 8.4 × 10²⁸. ஸ்கூல் டெஸ்ட்ல தப்பினதும் இதேதான்.

ஓம்விதி
அது 10⁻⁶. சரியாப் போட்டா இழுப்புத் திசைவேகம் ஏறக்குறைய 1.5 × 10⁻⁴ m/s. உனக்கு 10⁻⁷-ல வந்திருக்கும், ஆயிரம் மடங்கு குறைவு. இது "க". ஆனா ரெண்டு தடவை ஒரே இடத்துல வந்த "க"வை நான் "பு"ன்னு எடுத்துப்பேன். பரப்பு மாத்தும்போது அலகு மாற்றத்தையும் வர்க்கப்படுத்தணும்கிறது உனக்கு இன்னும் உறைக்கல. மின்தடை எண் கணக்குலயும் இதே பரப்புதான் வருது. அதனால 2-ம் வரிப் பச்சையை வேற அலகு கொடுத்த கணக்கால ஒரு தடவை தட்டிப் பாரு.

குரூப்4_குமரன்
சார், கவனப்பிழையைப் புரியலன்னு மாத்துறது எனக்குச் சரியாப் படல. நான் ஓஎம்ஆர்ல மாத்தி நிழலிடுறேன், அது புரியாததா?

ஓம்விதி
அது வேற குமரன். தலைப்போட ஒட்டாத பிழை அது, எந்த வரியிலயும் ஏத்தாதீங்க. ஷீட்டுக்கு வெளியே தனிக் குறிப்பா வைங்க. வரியோட நிறம் அந்தத் தலைப்பைப் பத்தி மட்டும் பேசட்டும்.

எக்செல்_செல்வி
கூகுள் ஷீட்டில் வைத்திருப்பவர்களுக்கு, நிறத்தைக் கையால் போட வேண்டியதில்லை. `list` என்று ஒரு தாள். வரிசையாக A அலகு, B உட்தலைப்பு, C எடை, D டெஸ்ட் தேதி, E மார்க், F நிறம், G அடுத்த தேதி, H காரணம். நீங்கள் தட்டுவது D, E, H மட்டும். F2-விலும் G2-விலும் இவற்றைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=IF(E2="","",IF(E2<=2,"R",IF(E2<=4,"Y","G")))
=IF(F2="","",D2+IF(F2="R",2,IF(F2="Y",5,14)))
```

இன்னொரு தாளில் A1-இல் இது. தேதி வந்துவிட்ட வரிகளை மட்டும், எடை அதிகமானது மேலே வரும்படி அடுக்கும்:

```
=SORT(FILTER(list!A2:H,list!G2:G<>"",list!G2:G<=TODAY()),3,FALSE,7,TRUE)
```

இன்றைக்கு ஒன்றும் இல்லை என்றால் #N/A காட்டும், பயப்பட வேண்டாம். G-இல் #VALUE! வந்தால் தேதி எழுத்தாகப் பதிந்திருக்கிறது. ஷீட்டின் Locale அமெரிக்காவாக இருந்தால் 05/08 என்பதை மே 8 என்று எடுத்துக்கொள்ளும், 13/08-ஐத் தேதியாகவே எடுக்காது. பாதி வரி சரியாகவும் பாதி வரி கோணலாகவும் அடுக்குவதற்கு இதுதான் காரணம். File, Settings, Locale-இல் India என்று மாற்றிவிட்டு, தப்பாகப் பதிந்த தேதிகளைத் திரும்பத் தட்ட வேண்டும், தானாகத் திருந்தாது.

எழுத்தை R, Y, G என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாத பிள்ளைகள், பெரும்பாலும் பையன்கள், பல வகுப்புகளில் உண்டு. நிறத்தை மட்டும் நம்பிய ஷீட் அவர்களுக்கு உதவாது. கருப்பு-வெள்ளையில் பிரிண்ட் எடுத்தாலும் எழுத்து நிற்கும்.

நீலமை
செல்வி அக்கா, எடைன்னா என்ன போடுறது?

எக்செல்_செல்வி
சார்தான் சொல்ல வேண்டும். நான் 1, 2, 3 என்று வைப்பேன்.

ஓம்விதி
வினாத்தாளைப் பாரு. 70 மார்க்ல ஒரு மார்க் 15, ரெண்டு மார்க் ஆறு, மூணு மார்க் ஆறு, அஞ்சு மார்க் அஞ்சு. பாட முடிவுல இருக்கிற நெடுவினாவுல அந்த வரி வந்திருந்தா 3, குறுவினாவோ கணக்கோ மட்டும்னா 2, ஒரு மார்க் மட்டும் தேறும்னா 1. ரொம்ப நுணுக்கமா 1 முதல் 10 வரை போட்டு உட்கார்ந்திருக்காதே, எடை போடுறதுக்கே ஒரு நாள் போயிடும்.

ஆனா செல்வி, உங்க "இன்று" பட்டியல்ல ரெண்டு ஓட்டை இருக்கு. மார்க் இல்லாத வரிக்கு நிறம் வராது, நிறம் இல்லன்னா தேதி வராது. அப்போ தொடவே தொடாத பாடம் பட்டியலுக்குள்ள வரவே வராது. பத்தாவது, பதினோராவது அலகு அப்படியே தூங்கும். ரெண்டாவது, எடைக்குப் பிறகு தேதிதான் பார்க்குது, எது எதுக்கு அடிப்படைங்கிறது அதுக்குத் தெரியாது.

எக்செல்_செல்வி
முதல் ஓட்டை உண்மைதான் சார். தொடாத வரிகளை வெள்ளையாகவே விட்டு, ஒவ்வொரு உட்காரலிலும் ஒரு வெள்ளை வரியைக் கையால் சேர்த்துக்கொள்ளலாம். 0 மார்க் போட்டுச் சிவப்பாக்கிவிட வேண்டாம். படித்தும் வராததும் படிக்கவே இல்லாததும் ஒரே நிறத்தில் இருந்தால், சிவப்பைப் பார்த்தே பிள்ளை மிரண்டுவிடும். அடிப்படை எது என்பதற்கு இன்னொரு கட்டம் வைத்து வரி எண்ணை எழுதலாம், ஆனால் ஃபார்முலாவில் அதைச் சேர்க்கப் போனால் ஷீட் பெரிதாகிவிடும். அதைக் கண்ணால் பார்ப்பதே மேல்.

ரிவிஷன்ராஜா
இவ்வளவு கணக்குப் போட்டு, கடைசியில ஒன்றரை மணி நேரம் உட்கார்றவன் என்ன செய்யணும்? அதைச் சொல்லுங்க.

ஓம்விதி
நியாயமான கேள்வி. 90 நிமிஷம்னா: முதல் 15 நேத்து வரிக்கு வெள்ளைத்தாள் டெஸ்ட், மார்க் பதிவு. அடுத்த 40 ஒரே ஒரு சிவப்பு அல்லது வெள்ளை. பிறகு 20 ஒரு மஞ்சள், அதுவும் "காரணம்" கட்டத்துல இருக்கிறதை மட்டும். 10 நிமிஷம் தேதி முடிஞ்ச ஒரு பச்சைக்கு ஒரு கணக்கு. கடைசி 5 ஷீட். ரெண்டு சிவப்பை ஒரே உட்காரல்ல வைக்காதே. இரண்டாவதை ஆரம்பிச்சு நடுவுல விட்டு, மறுநாள் அது முதல்லருந்து தொடங்கும்.

நீலமைக்கு மட்டும் இன்னைக்கு விதிவிலக்கு. அந்த 40 நிமிஷத்துல 6-ம் 7-ம் ஒண்ணாப் போகட்டும், ரெண்டுக்கும் தப்பு ஒண்ணுதான். நாளைக்கு டெஸ்ட்ல பச்சை வந்தா, 40 நிமிஷ இடம் 8-க்கு.

குரூப்4_குமரன்
பச்சைக்கு 14 நாள்னு செல்வி போட்டிருக்காங்க. எனக்கு ஆண்டு, விதி எண், நூல்-ஆசிரியர் எல்லாம் ஒரு வாரத்துல ஆவியாகுது. 14 நாள் கழிச்சுப் பார்த்தா பச்சை பூரா சிவப்பு.

எக்செல்_செல்வி
14-ஐ 7 ஆக்குங்கள். தொடர்ந்து இரண்டு முறை பச்சை வந்த வரிக்கு மட்டும் 14, மூன்றாவது முறை 30.

ஓம்விதி
நான் இதுல செல்வியோட முழுசா ஒத்துப்போகல. நூறு வரிக்கு 7 நாள்னா, பச்சை அதிகமாக அதிகமாகப் பச்சையைப் பார்க்கிறதுக்கே நேரம் போயிடும். எழுபது பச்சைன்னா ஒரு நாளைக்குப் பத்து. இயற்பியலுக்கு 14 தாங்கும், ஏன்னா டெரிவேஷன் தெரிஞ்சா கோவையைத் திரும்பக் கொண்டு வந்துடலாம். விதி எண்ணை யோசிச்சுக் கொண்டு வர முடியாது, அதுக்கு 7 சரியா இருக்கலாம். பாடத்துக்குப் பாடம் மாறும்.

எக்செல்_செல்வி
எழுபது பச்சை வரும்போது பாதி 14-க்கும் 30-க்கும் போயிருக்கும் சார், அதனால் நாளைக்குப் பத்து வராது. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஹாரோ_அம்மா
மகன் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிச் செய்து பச்சை எடுக்கிறார். அது கணக்கில வருமோ?

ஓம்விதி
வராதும்மா. விடை நினைவிருக்கிற கேள்வி அந்தத் தலைப்பைச் சோதிக்காது. எண்ணை மாத்தினா மட்டும் போதாது, கேட்கிற அளவையும் மாத்தணும். மீட்டர் சமனச்சுற்றுல தெரியாத மின்தடையைக் கேட்டா, அடுத்த தடவை சமநிலை நீளத்தைக் கேட்கணும், அதுக்கடுத்து ரெண்டு மின்தடையையும் இடம் மாத்தினா நீளம் என்னாகும்னு கேட்கணும். உங்க பக்கம் பழைய வினாத்தாள்கள் தலைப்பு வாரியாப் பிரிச்சே கிடைக்குது. ஒவ்வொரு வரிக்கும் மூணு கேள்வியைத் தொடாம ஒதுக்கி வைக்கச் சொல்லுங்க, டெஸ்ட்டுக்கு மட்டும்.

நீலமை
கடைசியா ஒண்ணு சார். அரையாண்டுத் தேர்வு வரும்போது முழுத் தாள் எழுதுவோம். அந்த மார்க்கை எப்படி ஏத்துறது?

ஓம்விதி
தாளை வரி வரியாப் பிரி. தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் அந்த வரியை ஒரு படி இறக்கு, பச்சை மஞ்சளாகும், மஞ்சள் சிவப்பாகும். சரியான கேள்விக்கு ஏத்தாதே. ஒரு மார்க் கேள்வி ஒண்ணு சரியாப் போட்டதால மின்னழுத்தமானி பச்சையாகாது, நாலுல ஒண்ணு குத்துமதிப்பாவும் விழும். அஞ்சு மார்க்ல "அல்லது" கேள்வியில எதை விட்டே, ரெண்டு மார்க், மூணு மார்க்ல எந்த மூணு கேள்வியைத் தொடல, அதையும் பாரு. சாய்ஸ்ல விட்டது பெரும்பாலும் உன் ஷீட்ல பச்சைன்னு நிக்கிற ஏதோ ஒண்ணாத்தான் இருக்கும், அதுக்கு மறுநாளே டெஸ்ட்.

ரிவிஷன்ராஜா
ஷீட்ல இறக்கிறதுன்னா மார்க்கைக் குறைக்கணும், ஏன்னா நிறம் ஃபார்முலாவுல வருது. பச்சைக்கு E-ல 4 போடு, மஞ்சளுக்கு 2 போடு, தேதியையும் மாத்து.

எக்செல்_செல்வி
ராஜா சொல்வது சரி. F-இல் நேரடியாக Y என்று தட்டினால் அந்தக் கட்டத்தின் ஃபார்முலா அழிந்துவிடும், பிறகு எத்தனை மார்க் போட்டாலும் அந்த வரி மஞ்சளாகவே நிற்கும். F-ஐயும் G-ஐயும் பூட்டி வைக்க வேண்டும் என்றால் Data, Protect sheets and ranges.